நோயுற்ற நண்பருக்காகக் குழுவில் வாசிக்கும் ஜெபம்: பரிந்துபேசுதல் என்றால் என்ன?

எங்கள் பகுதி ஜெபக்குழு வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டு ஹாலில் கூடும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். பாட்டும் வேத வாசிப்பும் முடிந்ததும், "ஜெபக் குறிப்பு ஏதாவது உண்டா?" என்று ஒருவர் கேட்பார். யாராவது ஒரு வியாதியஸ்தரின் பெயரைச் சொல்வார்கள். உடனே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கிவிடுவார்.

இதைப் பரிந்துபேசும் ஜெபம் என்கிறோம். மன்றாட்டு என்றும் சொல்வார்கள். வார்த்தை எல்லோருக்கும் பழக்கம்தான், ஆனால் ஆளுக்கு ஒரு பொருள் வைத்திருக்கிறோம். ஒருவருக்கு அது ஆண்டவரிடம் செய்கிற சிபாரிசு. இன்னொருவருக்கு அது வியாதியை அதட்டி விரட்டுவது. வேறொருவர் அதைக் கட்டிலில் கிடப்பவருக்குச் சொல்கிற புத்திமதியாக நினைக்கிறார். முதல்முறையாக ஒரு ஜெபத்தை எழுதி வந்து குழுவில் வாசிக்க வேண்டியவர் இந்த மூன்றையும் ஒரே தாளில் கலந்துவிடுகிறார். அப்படிக் கலக்காமல் எழுதுவது எப்படி என்பதை, ஒரு நண்பருக்காக நாங்கள் எழுதிய ஜெபத்தை வைத்தே சொல்கிறேன்.

## மனு எழுதிக்கொடுப்பவரும் பாயைத் தூக்கியவர்களும்

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள் நடக்கும். வாசலில் சிலர் பலகை போட்டு உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார்கள். நல்ல மனு எழுதுபவர் முதலில் வந்தவரைப் பேசவிட்டுக் கேட்பார். "உங்களுக்கு என்ன வேணும்மா? பட்டாவா, பென்ஷனா?" என்பார். அப்புறம் தன் கதையை நுழைக்காமல், வந்தவருடைய தேவையை வந்தவருடைய பெயரிலேயே எழுதுவார். பரிந்துபேசுதலின் முதல் பாதி இதுதான். தனக்காகப் பேச முடியாமல் களைத்துக் கிடக்கும் ஒருவருடைய தேவையை எடுத்துக்கொண்டு, அவர் இடத்தில் நின்று கேட்பது.

ஆனால் இந்த ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடும். மனு கிடைக்கும்வரை கலெக்டருக்கு விஷயம் தெரியாது. ஆண்டவர் அப்படியல்ல. நாம் கேட்பதற்கு முன்னமே நம் தேவையைப் பிதா அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசுவே சொல்லிவிட்டார். ஆகவே பரிந்துபேசுதல் தகவல் கொடுப்பதல்ல.

அந்த இடத்தில் மாற்கு 2-ஆம் அதிகாரம் கைகொடுக்கிறது. கப்பர்நகூமில் ஒரு வீடு, வாசலை மறைத்துக்கொண்டு கூட்டம். திமிர்வாதக்காரன் ஒருவனை நாலுபேர் படுக்கையோடு தூக்கிவந்து, உள்ளே போக வழியில்லாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று அந்த வசனம் தொடங்குகிறது. அவன் விசுவாசத்தை மட்டும் என்று இல்லை, அவர்கள் விசுவாசத்தை. அந்த நாலுபேரும் இயேசுவுக்கு நோயை விளக்கவில்லை. வைத்தியமும் செய்யவில்லை. ஆளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள், அவ்வளவுதான். உடன் சுமந்து வருவது என்பது பரிந்துபேசுதலின் மறுபாதி.

இதுவரை சொன்னது: பரிந்துபேசுதல் என்றால் இன்னொருவருடைய தேவையை அவர் இடத்தில் நின்று கேட்பது, அவரைச் சுமந்துகொண்டு போய் ஆண்டவர் முன்னால் வைப்பது. அவருக்குத் தெரியாததைத் தெரிவிப்பது அல்ல.

## நம் ஜெபம் எதன்மேல் நிற்கிறது

சிபாரிசு என்ற எண்ணம் ஏன் தவறு என்று இப்போது சொல்லலாம். சிபாரிசு செய்பவருக்குச் செல்வாக்கு வேண்டும். அதனால்தான் பலர் "நான் ஜெபித்தால் கேட்பாரா? பாஸ்டர் ஜெபிக்கட்டும்" என்று ஒதுங்குகிறார்கள். மத்தியஸ்தர் என்றால் இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று அவர்களைச் சேர்த்துவைப்பவர். தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே, அவர் கிறிஸ்து இயேசு என்று 1 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த இடம் காலியாக இல்லை, அதை நாம் நிரப்பவும் வேண்டாம்.

கிறிஸ்து நமக்காக வேண்டுதல் செய்ய எப்பொழுதும் உயிரோடிருக்கிறார் என்பது எபிரெயர் 7-ஆம் அதிகாரம். நமக்கு வார்த்தை வராதபோது ஆவியானவர் பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்பது ரோமர் 8-ஆம் அதிகாரம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் நண்பருக்கான ஜெபம் நீங்கள் தொடங்கும் முன்பே நடந்துகொண்டிருக்கிறது. பாட்டு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும்போது ஆலயத்துக்குள் நுழைபவர் அந்த அடியிலிருந்தே சேர்ந்து பாடுவது மாதிரி நீங்கள் சேர்ந்துகொள்கிறீர்கள். ஜெபத்தின் கடைசியில் "இயேசுவின் நாமத்தில்" என்று சொல்வதற்கும் இதுதான் பொருள். முத்திரை குத்துகிற மாதிரி அதைச் சொல்கிறோம். உண்மையில் யாருடைய ஜெபத்தோடு சேர்ந்து ஜெபித்தோம் என்பதைத்தான் அங்கே சொல்கிறோம்.

இது புரிந்துவிட்டால் குரலை உயர்த்த வேண்டிய அவசியமும் போய்விடும், நீட்டி முழக்க வேண்டிய அவசியமும் போய்விடும். மிரியாமுக்குக் குஷ்டம் வந்தபோது மோசே ஜெபித்தது "என் தேவனே, அவளைக் குணமாக்கும்" என்பது மட்டுமே. லாசருவின் சகோதரிகள் இயேசுவுக்கு அனுப்பிய செய்தி இன்னும் ஆச்சரியமானது: "ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்." அதில் கோரிக்கையே இல்லை. 'எங்கள் தம்பி' என்றுகூடச் சொல்லவில்லை. நீர் சிநேகிக்கிறவன் என்றார்கள். வியாதிக்காரருக்காக ஜெபம் எழுத உட்காரும்போதெல்லாம் நான் முதலில் இந்த ஒரு வரியைத் தாளின் தலையில் எழுதிக்கொள்வேன்.

## எழுதுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள்

எங்கள் குழுவில் உள்ள நண்பர் ஒருவரை, பெயரை மாற்றி, சாலமோன் என்று சொல்கிறேன். ஆட்டோ ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து கிடக்க வேண்டும். இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் விடுவதுதான் டயாலிசிஸ்.

அவருக்காக நான் எழுதிய முதல் தாளில், "இவருடைய சிறுநீரகங்களைப் புதுப்பியும், இந்த வியாதியை வேரோடு எடுத்துப்போடும்" என்றுதான் இருந்தது. தவறான ஜெபம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை எந்தச் சிறுநீரக நோயாளிக்காகவும் வாசித்திருக்கலாம். சாலமோன் அதில் இல்லை. அப்புறம் நேரில் போய், "குழுவில் உங்களுக்காக என்ன கேட்கட்டும்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மேஜைமேல் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அதில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள், அந்த நாளுக்கு அவ்வளவுதான் அளவு. "தாகம்தான் அண்ணே," என்றார். "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வரும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன்." சிறுநீர் சரியாகப் பிரியாதவர்கள் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கி, காலில் வீக்கமும் மூச்சுத்திணறலும் வரும். அதனால்தான் அந்த அளவு. அவர் மனைவியிடம் தனியாகக் கேட்டபோது, "முடிஞ்சு வந்த அன்னைக்கு யார்கிட்டயும் பேசமாட்டார். பிள்ளைங்க பயப்படுதுங்க," என்றார்.

இந்த இரண்டு வாக்கியத்தையும் நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன்: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? பணக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டாம் என்றார். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய மருத்துவ ரிப்போர்ட்டும் குடும்ப விஷயமும் வாட்ஸ்அப் வழியாகத் தெருவெல்லாம் சுற்றுவது நமக்குப் புதிதல்ல. அப்படிக் காயப்பட்டு, குழுவுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஆண்டவருக்கு எல்லா விவரமும் தெரியும் என்பதால், நோயாளி அனுமதிக்காத எதையும் சத்தமாகச் சொல்ல வேண்டிய தேவை நமக்கு இல்லை. "அவர் உள்ளத்தில் இருக்கிற மற்றக் காரியங்களையும் நீர் அறிவீர்" என்று சொன்னால் போதும்.

சுருக்கமாக: அவரிடமே கேளுங்கள், வீட்டில் கவனித்துக்கொள்பவரிடமும் கேளுங்கள், எதைச் சொல்ல அனுமதி என்பதையும் கேளுங்கள்.

## எந்த இடத்தில் ஜெபம் பிரசங்கமாகிறது

இதைக் கண்டுபிடிக்கத் தமிழிலேயே ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. 'நாங்கள்' என்றால் கேட்பவர் அதில் சேரமாட்டார். 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்ந்துகொள்வார். ஆண்டவரிடம் பேசும்போது "நாங்கள் வருகிறோம், எங்களுக்கு இரங்கும்" என்பதுதான் இயல்பு. வாசிக்கிற தாளில் திடீரென்று "நமக்குச் சோதனைகள் வரும்போது நாம் சோர்ந்துபோகக் கூடாது" என்று ஒரு வரி வந்தால், அந்த இடத்தில் எழுதியவர் ஆண்டவரிடமிருந்து திரும்பி மக்களைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். ("ஜெபிப்போமாக" என்பது வேறு. அது மக்களைப் பார்த்தே சொல்கிற அழைப்பு.) எழுதி முடித்ததும் நாம், நமக்கு, நம்முடைய என்று எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். கிடைக்கிற ஒவ்வொரு இடத்திலும் அநேகமாக ஒரு குட்டிப் பிரசங்கம் ஒளிந்திருக்கும்.

இன்னும் வலிக்கிற வகை ஒன்று உண்டு. "இந்த வியாதியின் மூலம் இவருடைய குறைகளை இவருக்கு உணர்த்தும்" என்று நோயாளியின் முன்னாலேயே ஜெபிப்பது. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு பதில் சொன்னார். பதில் சொல்ல முடியாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவர்மேல் அந்தக் கேள்வியை மறுபடியும் வைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

## தைரியமாகக் கேட்பதும் ஒப்புக்கொடுப்பதும்

இங்கே குழு இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம், "சுகமாகிவிட்டார் என்று அறிக்கையிடுங்கள்" என்பார்கள். இன்னொரு பக்கம், எல்லாவற்றுக்கும் முன்னால் "உமக்குச் சித்தமானால்" என்று போட்டுக்கொண்டு எதையுமே கேட்காமல் முடித்துவிடுவார்கள். முதலாவது, நடக்காததை நடந்ததாகச் சொல்கிறது. இரண்டாவது, ஏமாற்றம் வந்துவிடுமோ என்று பயந்து ஒதுங்குகிறது.

கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்த வரிசையைப் பாருங்கள். "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்" என்று முதலில் நம்பிக்கை. "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று அடுத்து ஒளிவுமறைவில்லாத கோரிக்கை. அதற்குப் பிறகுதான் உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும் என்கிற ஒப்புக்கொடுத்தல். கேட்காமல் ஒப்புக்கொடுக்கவும் இல்லை, கேட்டதோடு நிறுத்தவும் இல்லை. குழுவில் வாசிக்கிற ஜெபத்துக்கும் இந்த வரிசையே போதும் என்று நினைக்கிறேன்.

டயாலிசிஸ் நோயாளிக்கு இது வெறும் வார்த்தை விஷயமும் அல்ல. "சுகமாகிவிட்டீர்கள்" என்று கேட்ட ஒருவர் ஒருநாள் டயாலிசிஸைத் தவறவிட்டால், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு ஜெபத்தோடு நிற்கவில்லை, கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று எழுதினார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆகவே மருத்துவரையும் செவிலியரையும் இயந்திரத்தையும் ஜெபத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள்.

எங்களுக்குக் கடினமாக இருந்தது மாற்றுச் சிறுநீரகம். "சீக்கிரம் ஒரு சிறுநீரகம் கிடைக்கச் செய்யும்" என்று எழுதிவிட்டு எங்கள் குழுவின் அக்கா ஒருவரிடம் காட்டினேன். "தம்பி, உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் கொடுக்கவில்லை என்றால் அது யாரோ ஒருவர் இறந்த வீட்டிலிருந்துதானே வர வேண்டும்?" என்றார். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டோம். பதிலுக்கு என்ன எழுதினோம் என்பது கீழே இருக்கிறது.

## நாங்கள் வாசித்த ஜெபம்

*பரலோகப் பிதாவே, நீர் சிநேகிக்கிற சாலமோன் வியாதியாயிருக்கிறார். நாலுபேர் ஒருவனைச் சுமந்து உம்முடைய குமாரன் முன்னால் வைத்ததுபோல, நாங்களும் அவரை உம் முன்னால் கொண்டுவந்து வைக்கிறோம்.*

*எல்லாம் உம்மாலே கூடும். அவரைக் குணமாக்கும். நாங்கள் இதைத் தயங்காமல் கேட்கிறோம்.*

*ஆண்டவரே, எங்கள் வேண்டுதலைக் கேட்டருளும்.*

*சிலுவையில் 'தாகமாயிருக்கிறேன்' என்று சொன்ன இயேசுவே, தாகம் என்னவென்று நீர் அறிவீர். ராத்திரியில் அவர் விழித்து உட்கார்ந்திருக்கும்போது அவரோடு உட்கார்ந்திரும். அவர் நாவுக்கும் மனதுக்கும் ஆறுதல் தாரும்.*

*ஆண்டவரே, எங்கள் வேண்டுதலைக் கேட்டருளும்.*

*இயந்திரத்தின் பக்கத்தில் அவர் படுத்திருக்கும் நாலு மணி நேரமும் அவரைக் காத்துக்கொள்ளும். ஊசி குத்துகிற கைகளையும், அளவு பார்க்கிற கண்களையும், மருத்துவருடைய தீர்மானங்களையும் நடத்தும். களைத்து வீடு திரும்புகிற நாளில் அவர் மௌனத்தைக் கண்டு பிள்ளைகள் பயப்படாதபடி அந்த வீட்டுக்குச் சமாதானம் தாரும். அவர் மனைவியைத் தாங்கும்.*

*ஆண்டவரே, எங்கள் வேண்டுதலைக் கேட்டருளும்.*

*மாற்றுச் சிறுநீரகத்துக்காக அவர் காத்திருக்கிறார். யாருடைய மரணத்தையும் நாங்கள் கேட்கவில்லை. துக்கத்தின் நடுவிலும் கொடுக்க மனம் வருகிற குடும்பங்களை நீரே தேற்றும். காத்திருக்கிற எல்லாரையும் நினைத்தருளும். உமது வேளையில் சாலமோனுக்கு வழி திறவும்.*

*ஆண்டவரே, எங்கள் வேண்டுதலைக் கேட்டருளும்.*

*அவர் உள்ளத்தில் இருக்கிற மற்றக் காரியங்களையும் நீர் அறிவீர். நாங்கள் கேட்டதையும் கேட்கத் தெரியாததையும் உமது கையில் வைக்கிறோம். உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும். எங்களுக்காக எப்பொழுதும் வேண்டுதல் செய்கிற இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.*

## சத்தமாக வாசிக்கும்போது

கண்ணுக்கு எழுதுவது வேறு, காதுக்கு எழுதுவது வேறு. கேட்பவர்கள் புரிந்துகொண்டால்தானே ஆமென் சொல்ல முடியும் என்று 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்கிறார். ஆமென் என்றால் 'இது உறுதி, அப்படியே ஆகட்டும்' என்று பொருள். வாசித்தது ஒருவர், கையெழுத்துப் போட வேண்டியது பன்னிரண்டு பேர். அதனால் ஒரே மூச்சில் சொல்ல முடியாத வாக்கியத்தை இரண்டாக வெட்டிவிடுங்கள். வேதத்தில் பழகிய "தாரும், இரங்கும்" இருக்கட்டும். வீட்டில் ஒருவரும் சொல்லாத சமஸ்கிருதச் சொற்கோவைகள் வேண்டாம்.

நடுவில் திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரு வரியை எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். தொடங்குமுன் அதை ஒருதடவை சொல்லிக்காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் இரண்டு தடவை பாதிப் பேர் முழிப்பார்கள். அந்த வரிக்குப் பிறகு இரண்டு மூச்சு நேரம் நிறுத்துங்கள். தாளில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வது உதவும், ஏனென்றால் பதற்றத்தில் எல்லோரும் வேகமாகத்தான் வாசிப்போம். இந்த ஜெபம் நிறுத்தங்களோடு மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

நோயாளி அங்கேயே இருந்தால் தாளை முன்கூட்டியே அவருக்குக் காட்டுங்கள். சாலமோன் வாசித்துப் பார்த்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். பிள்ளைகளைப் பற்றி நான் முதலில் "பிள்ளைகளின் பயத்தை நீக்கும்" என்று எழுதியிருந்தேன். "நான் பேசாம இருக்கிறதாலதானே பயப்படுதுங்க அண்ணே, அதையும் எழுதுங்க," என்றார். 'அவர் மௌனத்தைக் கண்டு' என்ற சொற்கள் அவர் சொல்லி வந்தவை.

வியாழக்கிழமை அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த வாக்கியம் வந்தபோது அவர் பெரிய மகள் பாயில் நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாசித்து முடித்ததும் தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டேன். அடுத்த வாரத்துக்கு அதையே வாசிக்கப்போவதில்லை. புதன்கிழமை போன் பண்ணி, எந்த வரியை மாற்ற வேண்டும் என்று கேட்க வேண்டும்.